கண்ணில் தூசி: உறுத்தலை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மணல் லாரிக்குப் பின்னால் பைக்கில் போகும்போது கண்ணில் ஏதோ விழுகிறது. கை தானாகக் கண்ணுக்குப் போகிறது. அந்தக் கையை நிறுத்துவதுதான் முதல் வேலை. விழுந்த துகள் செய்யும் சேதத்தைவிட அதை வைத்துத் தேய்ப்பதால் வரும் சேதம்தான் பெரும்பாலும் அதிகம்.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. கருவிழியின் முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. கார்னியா என்பது அதுதான். நடுப்பகுதியில் அதன் மொத்தத் தடிமனே சுமார் அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்குதான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் இந்த மேல்தோலும் ஒன்று. இமைக்குள் ஒரு மணல் துகள் இருக்கும்போது மேலிருந்து விரலால் அழுத்தித் தேய்த்தால், உப்புத்தாளை இந்தத் தோலின் மேல் இழுப்பது போலத்தான். தேய்த்த நேரத்தில் கொஞ்சம் சுகமாக இருக்கும். கையை எடுத்ததும் முன்பைவிட அதிகமாக உறுத்தும்.

கண்ணை இறுக்க மூடிக்கொள்வதும் உதவாது. இமையை மூடும்போது விழி மேல்நோக்கி உருளும். துகள் பெரும்பாலும் மேல் இமைக்குள்தான் ஒட்டியிருக்கும். இறுக்கி மூடினால் கார்னியாவே போய் அதில் உரசுகிறது. வண்டியை ஓரம் கட்டுங்கள், தரையைப் பாருங்கள், கண்ணைத் தளர்வாகத் திறந்து மூடுங்கள். நீர் வடியட்டும், துடைக்க வேண்டாம். விழுபவற்றில் பல இப்படியே ஓரிரு நிமிடத்தில் மூக்குப் பக்க ஓரத்துக்கு வந்துவிடும். அங்கே வந்ததைச் சுத்தமான துணியின் நுனியால் தொட்டு எடுத்துவிடலாம்.

கழுவும் முன் விலக்க வேண்டியவை

கீழே சொல்லும் முறையெல்லாம் மண், தூசி, சின்னப் பூச்சி, இமைமுடி, மரத்தூள் போன்றவற்றுக்கு. மூன்று நிலைமைகளில் வழி வேறு.

சுத்தியலால் உளியையோ இரும்பையோ அடிக்கும்போது, அல்லது கிரைண்டிங், வெல்டிங், டிரில் வேலையில் ஏதாவது தெறித்தது என்றால் வலி குறைவாக இருப்பதை நம்பாதீர்கள். வேகமாக வரும் இரும்புச் சில் ஒன்று கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடலாம். நுழைந்த ஓட்டை ஊசி முனை அளவே இருக்கும், பார்வைகூட முதல் நாள் சரியாக இருக்கலாம். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டது போல இருப்பது, கருவிழிக்குள் ரத்தம் தேங்குவது, ஏதாவது குத்திக்கொண்டு நிற்பது, திடீரென்று பார்வை மங்குவது ஆகியவை துளைத்ததற்கான அடையாளங்கள். அப்போது கழுவ வேண்டாம், இமையைப் புரட்ட வேண்டாம், சொட்டு மருந்து விட வேண்டாம், பஞ்சு வைத்துக் கட்டவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் மட்டும் படும்படி வைத்து டேப் ஒட்டி, நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு, சிமெண்ட், பாத்ரூம் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் கழுவத் தொடங்குங்கள். தண்ணீர் காய்ச்சியதா, குழாய்த் தண்ணீரா என்று பார்க்க நேரமில்லை. குறைந்தது 30 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புக்குக் காரத்தன்மை உண்டு. அது கண்ணின் படலங்களைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதன் கட்டிகள் இமைக்குள் ஒளிந்திருந்து மணிக்கணக்கில் சேதம் செய்யும். கழுவியபின் வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். குழந்தைகள் சுண்ணாம்பு டியூபை அழுத்தி விளையாடுவது இங்கே புதிதல்ல. அந்தக் கண்ணுக்கு முதல் ஐந்து நிமிடம்தான் மருந்து.

மூன்றாவது, கான்டாக்ட் லென்ஸ். தூசி விழுந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முதலில் லென்ஸை எடுத்துவிட்டுக் கண்ணைக் கழுவுங்கள். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசி மறுபடி போடக் கூடாது. தண்ணீரில் இருக்கும் கிருமிகள் லென்ஸோடு சேர்ந்தால் மோசமான புண்ணை உண்டாக்கும்.

அடையாளம் 1: இப்போதுதான் விழுந்தது, கண் முழுக்க மணல் போல உறுத்துகிறது, நீராகக் கொட்டுகிறது

இதற்கு மருந்து கழுவுவதுதான். ஆனால் பெரும்பாலோர் செய்வது கழுவுவதே அல்ல. இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்து முகத்தில் அறைவது போல அடிக்கிறார்கள். தண்ணீர் வருவதைக் கண்டதும் இமை மூடிக்கொள்கிறது; கன்னமும் சட்டையும்தான் நனையும், துகள் இருந்த இடத்திலேயே இருக்கும். குழாயை முழு வேகத்தில் திறந்து கண்ணைக் காட்டுவது அதற்கு நேர்மாறான தவறு. அந்த வேகம் துகளை ஆழத் தள்ளும். மேல்நிலைத் தொட்டியின் அடி மண்ணும் போர் தண்ணீரின் மணலும் இலவச இணைப்பாக வரும்.

தேவையானவை: காய்ச்சி ஆறிய குடிநீரோ மூடி திறக்காத பாட்டில் குடிநீரோ அரை லிட்டர், அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் 500 மில்லி நார்மல் சலைன் பாட்டில் ஒன்று. தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் கண் மூடிக்கொள்ளாது. ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதற்குக் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் போல வசதியானது வேறில்லை. அதன் மூக்கு வழியாக மெல்லிய தாரை, சீரான வேகத்தில் விழும். அது இல்லாவிட்டால் சிறிய சொம்போ டம்ளரோ போதும். வீட்டில் உப்புக் கரைத்துச் சலைன் தயாரிக்கும் முயற்சி வேண்டாம். அளவு தவறினால் எரிச்சல்தான் மிஞ்சும். வெறும் தண்ணீரே நன்றாக வேலை செய்யும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகாய் நறுக்கிய கை என்றால் இரண்டு தடவை. வாஷ்பேசின் மேல் குனிந்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக வரும்படி தலையைப் பக்கவாட்டில் சாயுங்கள். இடது கண் என்றால் இடது காது கீழே இருக்க வேண்டும். இப்படிச் செய்யாவிட்டால் அழுக்குத் தண்ணீர் மூக்குத்தண்டைத் தாண்டி நல்ல கண்ணுக்குப் போகும். ஒரு கையின் கட்டைவிரலால் கீழ் இமையையும் ஆள்காட்டி விரலால் மேல் இமையையும் விரித்துப் பிடியுங்கள். விரல் விழியில் அழுந்தாமல், எலும்பு விளிம்பின் மேல் பட வேண்டும். மறு கையால், கண்ணிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, மூக்குப் பக்க ஓரத்தில் தண்ணீரை விடுங்கள். அது விழியைக் கடந்து காதுப் பக்கமாக வழிந்தோடட்டும்.

ஊற்றும்போது மேலே, கீழே, இடம், வலம் என்று விழியை மெதுவாகச் சுழற்றுவதுதான் முக்கியம். விழி அசையாமல் நின்றால் தண்ணீர் அதன் முன்பக்கத்தை மட்டும்தான் கழுவும். கீழே பார்க்கும்போது மேல் இமைக்கடியும், மேலே பார்க்கும்போது கீழ் இமைப் பையும் திறக்கும். இடையிடையே இமைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் அரை லிட்டரும் தீர்ந்துவிடும். தூசிக்கு அது போதும். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள், தேவையானால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகும் உறுத்தினால் மேலும் மேலும் ஊற்றுவதில் பயனில்லை; அடுத்த அடையாளத்துக்குப் போங்கள்.

சின்னக் குழந்தை என்றால் இமையை இழுத்து விரிக்கப் போராட வேண்டாம். துண்டால் கையோடு சேர்த்துச் சுற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பாதித்த கண் பக்கம் திருப்பி, மூக்குப் பக்க ஓரத்தில் பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குழந்தை தானாகவே கண்ணைத் திறந்து திறந்து மூடும், தண்ணீர் உள்ளே போய்விடும்.

வாயால் ஊதுவது, நாக்கால் நக்கி எடுப்பது, முந்தானை முனையை முறுக்கி விடுவது, விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விடுவது எதுவும் வேண்டாம். வாயிலிருக்கும் கிருமி கீறல் விழுந்த கண்ணுக்குச் சோதனை. எண்ணெய் பார்வையை மங்கலாக்கும். பிறகு மங்கல் எண்ணெயால் வந்ததா, காயத்தால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

அடையாளம் 2: கழுவியாயிற்று, ஆனால் இமைக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் குத்துகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேல் இமையின் உட்புறத்தில், இமை விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடுகிறது. துகள் அதில் விழுந்து உட்கார்ந்துவிடும். அங்கே தண்ணீரின் இழுப்பு எட்டாது. ஒவ்வொரு இமைப்பிலும் அந்தத் துகள் கார்னியாவின் மேல் மேலும் கீழும் கோடு கிழிக்கிறது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. கீழே பார்த்தபடி, மேல் இமையின் முடியை விரல்களால் பிடித்து, இமையை விழியிலிருந்து சற்று முன்னால் இழுத்துப் பிடியுங்கள். இமை விழியைத் தொடாத அந்த நேரத்தில் குத்தல் அடங்கி, விட்டு இமைத்ததும் திரும்ப வந்தால் துகள் பெரும்பாலும் இமையில் ஒட்டியிருக்கிறது. இமையைத் தூக்கியும் வலி அப்படியே இருந்தால் பிரச்சினை விழியின் மேலேயே இருக்கிறது. உறுத்தும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். துகள் விழியின் நடுவில் இருந்தாலும் மேல் இமையின் வெளி ஓரத்தில் குத்துவது போலத்தான் பலருக்குத் தோன்றும்.

முதலில் கீழ் இமையைப் பார்த்துவிடுங்கள், சுலபம் என்பதால். கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்து, மேலே பாருங்கள். இளஞ்சிவப்புப் பகுதியில் துகள் தெரிந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துத் தொட்டெடுங்கள். நனைக்காத பஞ்சு இழை விட்டுவிட்டு வரும்.

அங்கே இல்லையென்றால் இமை மேல் இமை. மேல் இமையை முடியோடு பிடித்து முன்னால் இழுத்து, கீழே கொண்டுவந்து, கீழ் இமையின் மேல் போர்த்தி, ஒன்றிரண்டு நொடி கழித்து விடுங்கள். மேல் இமை தன் இடத்துக்குப் போகும்போது கீழ் இமையின் முடிகள் துடைப்பம் போல அதன் உட்புறத்தை வருடும். கூடவே கண்ணீரும் பெருகும். இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் இமையைப் புரட்ட வேண்டும். இதற்கு இன்னொருவர் வேண்டும். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி தன் மூக்கு நுனியைப் பார்ப்பது போலக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கீழே பார்க்காவிட்டால் இமையின் தசை இறுகும், புரளாது. இமைமுடியைப் பிடித்து முன்னாலும் கீழேயும் மெல்ல இழுங்கள். பஞ்சுக் குச்சியைப் படுக்கவாட்டில் இமையின் மேல், விளிம்பிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். இமைக்குள் இருக்கும் விறைப்பான தகடு அங்கேதான் முடிகிறது. குச்சியை லேசாகக் கீழே அழுத்தியபடி, முடியை மேலே தூக்கினால் இமை மடங்கிப் புரளும். செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: குச்சியை விளிம்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். அங்கே வைத்து எவ்வளவு அழுத்தினாலும் தகடு மடங்காது, வலிதான் வரும்.

புரண்டதும் குச்சியை உருவிவிட்டு, முடியைப் புருவ எலும்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இளஞ்சிவப்புப் பரப்பில் விளிம்புக்குப் பக்கத்தில் தேடுங்கள். கருப்பாகவோ பழுப்பாகவோ மிளகுத்தூள் பொடி அளவில் இருக்கும். ஈரப் பஞ்சு நுனியால் ஒரே வருடலில் எடுத்துவிடுங்கள். மேலே பார்த்து இமைத்தால் இமை தானாகத் திரும்பிவிடும். இரண்டு முயற்சியில் புரட்ட வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கண் மருத்துவர் அரை நிமிடத்தில் செய்துவிடுவார்.

அடையாளம் 3: துகள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கழுவியும் நகரவில்லை

வெள்ளைவிழியில் தளர்வாக இருந்தால் மேலே சொன்ன ஈரப் பஞ்சால் தொடலாம். ஒரு தொடலில் வரவில்லை என்றால் அது பதிந்திருக்கிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள்.

கருவிழியின் மேல் இருந்தால் பஞ்சும் வேண்டாம். அது கார்னியாவில் ஒட்டிய துகள். பஞ்சால் உரசினால் சுற்றிலும் உள்ள மேல்தோலும் சேர்ந்து உரியும். அது இரும்பென்றால் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வளையம் விழத் தொடங்கும். பிறகு துகளை எடுத்தாலும் வளையத்தைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு இங்கே விலை உண்டு. பட்டறைகளில் கூட வேலை செய்பவர் ஊக்கு நுனியாலோ காந்தத்தாலோ எடுத்துவிடும் பழக்கம் இருக்கிறது. கை கொஞ்சம் ஆடினாலும் போதும், அரை மில்லிமீட்டர் படலத்தில் தழும்பு விழுந்துவிடும். அது கண்மணிக்கு நேராக விழுந்தால் பார்வையில் நிரந்தர மங்கல்.

அடையாளம் 4: துகள் வந்துவிட்டது, ஆனாலும் இன்னும் உள்ளே ஏதோ இருப்பது போலவே இருக்கிறது

துகள் போன பிறகும் உறுத்தல் கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும். உரசிய இடம் தணிய வேண்டும். கேள்வி, அது குறைந்துகொண்டு வருகிறதா என்பதுதான். மணிக்கு மணி குறைந்தால் வெறும் எரிச்சல். அப்படியே நின்றாலோ கூடினாலோ கார்னியாவில் கீறல் இருக்கிறது. கீறலும் மணல் உள்ளே இருப்பது போலத்தான் உணரப்படும்; நரம்பு முனைகள் திறந்து கிடப்பதால் இமை தொடும்போதெல்லாம் துகள் என்றே மூளை படிக்கிறது. இல்லாத துகளைத் தேடி மறுபடி மறுபடி இமையைப் புரட்டிக் காயத்தைப் பெரிதாக்குபவர்கள் நிறைய.

கீறல் என்று காட்டிக்கொடுப்பவை சில. வெளிச்சம் கூசுவது அவற்றில் முதன்மையானது. ட்யூப்லைட்டையோ ஜன்னலையோ பார்த்தால் கண் தானாக இறுகி மூடிக்கொள்ளும். நீர் நிற்காது. சிவப்பு வெள்ளைவிழி முழுக்கப் பரவாமல், கருவிழியைச் சுற்றி வளையம் போல இருக்கலாம். பார்வை மங்கலாம். அதைச் சோதிக்கச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். எட்டு, பத்து அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்து, கிழமையின் பெயரையும் ராகு கால நேரத்தையும் படியுங்கள். பிறகு மறு கண்ணால். எப்போதும் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். கண்ணீரால் வரும் மங்கல் நாலு தடவை இமைத்தால் தெளியும். தெளியாத மங்கல் என்றால் கீறல் பெரிதாகவோ நடுவிலோ இருக்கிறது. அன்றே போக வேண்டும்.

இது எப்படி நடக்கும் என்று ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். மாலை 6:40க்கு எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வந்த ஒருவரின் இடது கண்ணில் துகள் விழுகிறது. இரண்டு தடவை தேய்த்துவிட்டு வீடு வருகிறார். 7:10க்கு முகத்தில் தண்ணீர் அடிக்கிறார், பலனில்லை. 7:30க்குத் தலையைச் சாய்த்து அரை லிட்டர் ஊற்றியதும் உறுத்தல் பாதியாகிறது. கண்ணில் பரவியிருந்த மெல்லிய தூசி போய்விட்டது. மிச்சம், இமைக்கும்போது மட்டும் வரும் குத்தல். முடியைப் பிடித்து இமையைத் தூக்கினால் குத்தல் அடங்குகிறது. கீழ் இமை சுத்தம். இமை மேல் இமை போட்டும் வரவில்லை. 7:50க்கு மனைவி இமையைப் புரட்ட, விளிம்புக்கு மிக அருகே கருப்புப் புள்ளி ஒன்று. ஈரப் பஞ்சில் வந்துவிடுகிறது.

குத்தல் நின்றுவிட்டது. ஆனால் 10 மணிக்கும் ட்யூப்லைட் கூசுகிறது, மணல் உணர்வு அப்படியே இருக்கிறது. வியப்பில்லை. நிமிடத்துக்கு 15 இமைப்பு என்று வைத்தால், 70 நிமிடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் அந்தத் துகள் கார்னியாவில் கோடு போட்டிருக்கிறது. கண்ணைத் தொடாமல் படுக்கிறார். காலையில் காலண்டர் இரண்டு கண்ணிலும் ஒன்று போலத் தெரிகிறது, ஆனால் கூச்சம் தீரவில்லை. அதனால் மருத்துவரிடம் போகிறார், போனது சரி. பார்வை நன்றாக இருப்பது மட்டும் கீறல் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

அங்கே செய்வது இதுதான். மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவார்கள். ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த தாள் கீற்றைக் கீழ் இமையில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். மேலிருந்து கீழாகச் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால், மேல் இமைக்கடியில் துகள் இருக்கிறது அல்லது இருந்திருக்கிறது என்பதற்கு அது கையெழுத்து மாதிரி. மருத்துவர் உடனே இமையைப் புரட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் சொட்டோ களிம்போ சில நாளுக்குத் தருவார்கள். சிறு கீறல் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். பெரியது இன்னும் சில நாள் எடுக்கும். கண்ணைக் கட்டி வைத்தால் வேகமாக ஆறும் என்ற பழைய எண்ணம் இப்போது இல்லை. லென்ஸ் போடுபவர்களுக்குக் கட்டுவது கெடுதலே செய்யும்.

அந்த மரத்துப்போகும் சொட்டு அற்புதமாக இருக்கும். விட்ட ஒரு நிமிடத்தில் வலி மறைந்துவிடும். அதனால்தான் அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கக் கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறவே ஆறாது. வலி தெரியாததால் கார்னியா கரைவதும் தெரியாது. வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரையும் வெயில் கண்ணாடியும் போதும்.

அடையாளம் 5: பட்டது நெல் சுணை, இலை, கரும்புத் தோகை, மாட்டு வால்

இந்தக் கீறலைத் தனியாக வைக்க வேண்டும். கதிரடிக்கும்போது தெறிக்கும் உமியோ முகத்தில் அடிக்கும் சோளத் தாளோ கீறிக்கொண்டே பூஞ்சையையும் விதைத்துவிட்டுப் போகும். மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராய்ந்தார்கள். அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்குப் புண் வரும் முன் கண்ணில் அடியோ கீறலோ பட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பூஞ்சைதான் காரணம்.

பூஞ்சை மெதுவாக வளரும். முதல் இரண்டு நாள் தேறிவருவது போல இருந்து, பிறகு வலி மறுபடி கூடும், கருவிழியில் சாம்பலோ வெள்ளையோ புள்ளி தெரியும். அந்த இடைவெளியில்தான் மருந்துக் கடையில் 'சிவந்த கண்ணுக்கு ஒரு சொட்டு' என்று கேட்டு வாங்குவது நடக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எதாவது ஒன்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. பல சொட்டுகளில் ஆன்டிபயாடிக்கோடு கலந்தே வரும். விட்டதும் சிவப்பும் வலியும் குறையும், கண் தேறியது போல இருக்கும். அடியில் பூஞ்சைக்குத் தடை இல்லாமல் போய்விடும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டுகளுக்கும் இதே கதைதான். செடி, பயிர், மாடு சம்பந்தப்பட்ட கீறலுக்குக் கூச்சம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் கண் மருத்துவரிடம் காட்டி, எதனால் பட்டது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்துவிட்டால், எதனால் பட்டிருந்தாலும் அன்றே.

அடையாளம் 6: பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் பயமில்லை

தேய்த்த பிறகு வெள்ளைவிழியில் ரத்தம் கொட்டியது போலப் பளிச்சென்று ஒரு சிவப்புத் திட்டு. வலி இல்லை, பார்வை சரி, கூச்சம் இல்லை என்றால் அது மேலுள்ள சவ்வில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று உடைந்ததுதான். ஒன்றிரண்டு வாரத்தில் பழுப்பாகி மறையும், மருந்து தேவையில்லை. உளி, சுத்தியல் வேலையில் வந்த திட்டு மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று, தேய்த்த சில நிமிடத்தில் வெள்ளைவிழி ஜவ்வரிசி போல உப்பிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். தேய்ப்பதை நிறுத்தி, ஈரத்துணியை மூடிய இமையின் மேல் அழுத்தாமல் வைத்தால் சில மணி நேரத்தில் வடியும்.

அடையாளம் 7: எல்லாம் ஆறிப் பல வாரம் கழித்து, காலையில் கண் திறக்கும்போது சுரீரென்று வலி

மறுபடி தூசி விழவில்லை. பழைய கீறல் மேலாக ஆறியிருக்கிறது, புதுத்தோல் அடியோடு உறுதியாக ஒட்டவில்லை. இரவில் கண் உலர்ந்து, இமை அந்தத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். குழந்தையின் நகம், காகித விளிம்பு, செடியின் கிளை இவற்றால் வந்த கீறல்களில் இது அதிகம். வலி சில நிமிடத்தில் அடங்கிவிடுவதால் மருத்துவரிடம் போவதற்குள் அடையாளமே இல்லாமல் போகும். அதனால் எத்தனை மணிக்கு, கண் திறந்த நொடியிலா என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். படுக்கும் முன் கண்ணில் போடும் வழுவழுப்பான களிம்பைச் சில மாதம் விடாமல் போடச் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் கண்ணைச் சட்டென்று திறக்காமல், மூடிய இமைக்குள்ளேயே விழியை நாலு தடவை உருட்டிவிட்டு, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும்.